விலை குறைவு மட்டும் பாதுகாப்பு ஆகாது: திருவாங்கூர் ஸ்டேட் வங்கிப் பங்கு கற்றுத் தந்த பாடம்

திருவனந்தபுரம்: ஒரு பங்கின் உண்மையான மதிப்புக்கும் அதை வாங்கும் விலைக்கும் இடையே போதிய இடைவெளி இருக்க வேண்டும் என்பது மதிப்பு முதலீட்டின் அடிப்படை விதி. 'மார்ஜின் ஆஃப் சேஃப்டி' எனப்படும் இந்தப் பாதுகாப்பு இடைவெளியைப் பற்றி அறிந்த சிறு முதலீட்டாளர்கள் பலர் உள்ளனர். ஆனால், அந்த இடைவெளியை எதிலிருந்து அளப்பது என்பதில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. திருவனந்தபுரம் பூஜப்புராவில் தலைமை அலுவலகத்தைக் கொண்டிருந்த திருவாங்கூர் ஸ்டேட் வங்கியின் பங்கு, இதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு.

1945-ஆம் ஆண்டு திருவாங்கூர் சமஸ்தானத்தின் ஆதரவுடன் 'திருவாங்கூர் வங்கி' என்ற பெயரில் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம், 1960-இல் பாரத ஸ்டேட் வங்கியின் துணை வங்கியானது. அதன் பங்குகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் பாரத ஸ்டேட் வங்கியிடம் இருந்தன. எஞ்சியவை பங்குச்சந்தையில் பொதுமக்களிடம் புழங்கின. 2017 ஏப்ரல் 1-ஆம் தேதி தாய் வங்கியுடன் இணைந்ததும் அந்தப் பெயர் சந்தையிலிருந்து மறைந்தது.

இணைப்புக்கு முந்தைய ஆண்டுகளில் இந்தப் பங்கு, அதன் புத்தக மதிப்பைவிட வெகு கீழான விலையில் கைமாறிக்கொண்டிருந்தது. அரசு வங்கி, எழுபது ஆண்டு வரலாறு, கேரளம் முழுவதும் கிளைகள், புத்தக மதிப்பைவிடக் குறைந்த விலை என அனைத்தும் ஒருங்கே அமைந்ததால், அதைப் பாதுகாப்பான முதலீடாகக் கருதுவது எளிதாக இருந்தது. அந்தக் கணிப்பு எங்கே சரியாக இருந்தது, எங்கே தவறியது என்பதைப் பார்ப்பதே பாதுகாப்பு இடைவெளியைப் புரிந்துகொள்ளும் நேரான வழி.

கருத்தின் தோற்றம்

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பெஞ்சமின் கிரகாம், டேவிட் டாட் என்பவருடன் இணைந்து 1934-இல் வெளியிட்ட 'செக்யூரிட்டி அனாலிசிஸ்' என்ற நூலில் இந்தக் கருத்தை விரிவாக எடுத்துரைத்தார். பொதுவாசகர்களுக்காக அவர் 1949-இல் எழுதிய 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' நூலின் இறுதி அத்தியாயம் இதற்கெனவே ஒதுக்கப்பட்டது.

கிரகாம் இந்தக் கருத்தைக் கடன் பத்திரங்களிலிருந்து எடுத்தார். ஒரு நிறுவனம் ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய வட்டி 100 ரூபாய். அதன் வருவாய் 500 ரூபாய் என்று கொள்வோம். வருவாய் பாதியாகக் குறைந்தாலும் கடன் கொடுத்தவருக்கு வட்டி வந்து சேரும். வருங்காலத்தைத் துல்லியமாகக் கணிக்க வேண்டிய தேவையை அந்த இடைவெளி நீக்கிவிடுகிறது. பங்கு முதலீட்டிலும் இதே நிலை வேண்டும் என்பதே அவரது வாதம். முதலீட்டாளரின் கணக்கு ஓரளவு பிழையானாலும், நிறுவனத்துக்கு ஒரு கெட்ட காலம் வந்தாலும், முதல் அழியாத அளவுக்கு வாங்கும் விலை தாழ்வாக இருக்க வேண்டும்.

ஆகவே, பாதுகாப்பு இடைவெளி என்பது சந்தை விலை நேற்றைய உச்சத்திலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதன் அளவு அன்று. 500 ரூபாயிலிருந்து 250 ரூபாய்க்கு இறங்கிய பங்கின் மதிப்பு 150 ரூபாயாக இருந்தால், அங்கே இடைவெளி என்று எதுவுமே இல்லை. முதலில் மதிப்பைக் கண்டறிய வேண்டும். அதன்பின்னரே விலையுடன் ஒப்பிட வேண்டும்.

புத்தக மதிப்பு ஏன் ஏமாற்றும்?

ஒரு நிறுவனத்தின் சொத்துகள் அனைத்திலிருந்தும் கடன்கள் அனைத்தையும் கழித்து, மீதியைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது ஒரு பங்கின் புத்தக மதிப்பு. தொழிற்சாலை ஒன்றுக்கு இந்த எண்ணிக்கை ஓரளவு நம்பத்தக்கது. வங்கிக்கு அது நுட்பமானது. வங்கியின் முதன்மைச் சொத்து நிலமோ இயந்திரமோ அன்று; பிறருக்குக் கொடுத்த கடன்களே அதன் சொத்து. அந்தக் கடன்களில் எவ்வளவு திரும்பி வரும் என்பது வங்கி நிர்வாகத்தின் மதிப்பீட்டைப் பொறுத்தது.

இதைவிட முக்கியமானது, வங்கியின் சொந்த மூலதனம் மிக மெல்லிய அடுக்காக இருப்பது. எடுத்துக்காட்டாக, 100 ரூபாய் சொத்துள்ள வங்கி ஒன்றில் பங்குதாரர்களின் பணம் 7 ரூபாய். எஞ்சிய 93 ரூபாய் வைப்பாளர்களுக்கும் பிறருக்கும் தர வேண்டியது என்று கொள்வோம். அந்தச் சொத்தில் 65 ரூபாய் கடனாக வழங்கப்பட்டுள்ளது. கடன்களில் 5 சதவீதம் மட்டும் திரும்பாமல் போனால் இழப்பு 3 ரூபாய் 25 காசு. ஆனால், பங்குதாரர்களின் 7 ரூபாயில் ஏறத்தாழப் பாதி அதிலேயே கரைந்துவிடும். கடன்களில் ஏற்படும் சிறு பிழை, புத்தக மதிப்பில் பெரும் பள்ளமாக மாறுவது இவ்வாறுதான்.

திருவாங்கூர் ஸ்டேட் வங்கியில் நேர்ந்ததும் இதுவே. கடனைத் திருப்பிச் செலுத்த முடியாத நிறுவனங்களுக்குத் தவணைக் காலத்தை நீட்டித்து, அந்தக் கடன்களை 'மறுசீரமைக்கப்பட்டவை' என வகைப்படுத்தி, வாராக்கடன் பட்டியலில் சேர்க்காமல் வைத்திருக்க இந்திய வங்கிகளுக்குப் பல ஆண்டுகள் சலுகை இருந்தது. 2015 ஏப்ரல் 1 முதல் புதிதாக மறுசீரமைக்கப்படும் கடன்களுக்கு அந்தச் சலுகையை ரிசர்வ் வங்கி விலக்கிக்கொண்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில், வங்கிகளின் கடன்களைத் தானே ஆராயும் சொத்துத் தர மறுஆய்வையும் தொடங்கியது. அதுவரை ஏடுகளில் நல்ல கடன்களாக இருந்தவை, அடுத்தடுத்த காலாண்டுகளில் வாராக்கடன்களாக வெளிப்பட்டன.

2015-16 நிதியாண்டில் திருவாங்கூர் ஸ்டேட் வங்கி சுமார் 338 கோடி ரூபாய் நிகர லாபம் காட்டியது. அதையடுத்து 2016 ஜூனில் முடிந்த ஒரே காலாண்டில் 740 கோடி ரூபாய்க்கு மேல் நிகர நஷ்டம் பதிவானது. ஓர் ஆண்டு முழுவதும் ஈட்டியதைப் போல் இரு மடங்குக்கும் அதிகமான தொகை மூன்றே மாதங்களில் போனது. புத்தக மதிப்பைப் பார்த்து இடைவெளியை அளந்தவர்கள், அந்தப் புத்தக மதிப்பே சுருங்குவதைக் கண்டனர்.

இணைப்பு விகிதமும் சிறு பங்குதாரரும்

இதற்கிடையே மற்றொரு நிகழ்வு அந்தப் பங்கின் விதியைத் தீர்மானித்தது. துணை வங்கிகளை இணைத்துக்கொள்ளும் திட்டத்தை 2016 மே 17-ஆம் தேதி பாரத ஸ்டேட் வங்கி வெளிப்படுத்தியதும், பட்டியலிடப்பட்ட துணை வங்கிகளின் பங்கு விலைகள் துள்ளி எழுந்தன. கேரளத்தில் இணைப்புக்கு எதிர்ப்பு எழுந்தது. மாநிலச் சட்டப்பேரவையும் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. எனினும், ஆகஸ்ட் 18-ஆம் தேதி பங்கு மாற்று விகிதம் அறிவிக்கப்பட்டது. அதன்படி, திருவாங்கூர் ஸ்டேட் வங்கியின் 10 பங்குகளுக்குப் பாரத ஸ்டேட் வங்கியின் 22 பங்குகள் வழங்கப்படும்.

அந்த அறிவிப்புக்குப் பின் இந்தப் பங்கின் மதிப்பைக் கணக்கிட வங்கியின் ஏடுகள் தேவைப்படவில்லை. பாரத ஸ்டேட் வங்கிப் பங்கின் விலை 250 ரூபாய் என்றால், 22 பங்குகளின் மதிப்பு 5,500 ரூபாய். அதன்படி திருவாங்கூர் ஸ்டேட் வங்கிப் பங்கு ஒன்றின் மதிப்பு 550 ரூபாய். ஏட்டில் புத்தக மதிப்பு எவ்வளவு இருந்தாலும் அதைக் கேட்டுப் பெறும் வழி சிறு பங்குதாரருக்கு இல்லை. விகிதம் குறைவு என அவர்களில் ஒரு பகுதியினர் ஆட்சேபித்தும் அது மாறவில்லை.

இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம் தெளிவானது. நிறுவனத்தை விற்கவோ, கலைக்கவோ, லாபத்தைப் பங்கிடவோ அதிகாரம் உள்ளவருக்கே ஏட்டிலுள்ள மதிப்பு முழுதாகப் பயன்படும். நூறு பங்குகள் வைத்திருப்பவருக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆகவே, பெரும்பான்மைப் பங்கு ஒரே கையில் இருக்கும் நிறுவனங்களில் சிறு முதலீட்டாளர் கோரும் இடைவெளி மேலும் அகலமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது பாடம், பொறுமையைப் பற்றியது. இணைப்பில் பெற்ற 22 பங்குகளை விற்காமல் வைத்திருந்தவர், உடனடியாக மகிழ்ச்சி அடைந்திருக்க முடியாது. 2017-18 நிதியாண்டில் பாரத ஸ்டேட் வங்கியே 6,547 கோடி ரூபாய் நிகர நஷ்டம் கண்டது. கொரோனா காலமான 2020 மே மாதம் அதன் பங்கு 150 ரூபாய் அளவுக்கு இறங்கியது. 22 பங்குகளின் மதிப்பு அப்போது சுமார் 3,300 ரூபாய். 2024 ஜூனில் அதே பங்கு 800 ரூபாயைத் தாண்டியிருந்தது. 22 பங்குகள் 17,600 ரூபாய்க்கு மேல் மதிப்புப் பெற்றன. வாராக்கடன்களுக்கான ஒதுக்கீட்டுச் சுமை குறைந்து லாபம் பெருகியதே இந்த மாற்றத்துக்குக் காரணம். பொறுமை பலன் தந்தது உண்மை. ஆனால், அது பலன் தந்ததற்குக் காரணம், நான்காண்டு நெருக்கடியையும் தாங்கி நிற்கும் நிறுவனமாக அது இருந்தமையே.

பொறுமை பலன் தராத கதை

அடிப்படை அழிந்துவிட்டால் பொறுமைக்குப் பலன் இல்லை என்பதைத் தமிழகத்தின் லட்சுமி விலாஸ் வங்கி காட்டியது. 1926-இல் கரூரில் தொடங்கப்பட்ட இந்த வங்கி, 2017-இன் இறுதியில் ஒரு பங்கு 122 ரூபாய் என்ற விலையில் ஏற்கெனவே உள்ள பங்குதாரர்களுக்கு உரிமைப் பங்குகளை வழங்கியது. அதன்பின் 2017-18 முதல் தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் நஷ்டம் கண்டது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதை உடனடித் திருத்த நடவடிக்கையின் கீழ்க் கொண்டுவந்தது.

விலை 122 ரூபாயிலிருந்து இறங்க இறங்க, அது மேலும் மேலும் மலிவாகத் தோன்றியது. உண்மையில், விலையைவிட வேகமாக மதிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. 2020 செப்டம்பரில் அதன் மூலதன விகிதம் பூஜ்யத்துக்கும் கீழே சென்றது. நவம்பர் 17-ஆம் தேதி வங்கியின் செயல்பாடுகள் முடக்கப்பட்டன; நவம்பர் 27-ஆம் தேதி டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவுடன் அது இணைக்கப்பட்டது. வைப்பாளர்களின் பணம் காப்பாற்றப்பட்டது. பங்குதாரர்களின் மூலதனம் முழுவதும் தள்ளுபடி செய்யப்பட்டது. கடைசி வாரங்களில் மிகக் குறைந்த விலைக்கு வாங்கியவருக்கும், 122 ரூபாய்க்கு வாங்கியவருக்கும் கிடைத்தது ஒன்றே: பூஜ்யம்.

இரு வங்கிகளின் பங்குகளும் ஒரு காலத்தில் 'மலிவு' என்றே தோன்றின. ஏட்டில் உள்ள புத்தக மதிப்பை அப்படியே ஏற்காமல், அதைத் திருத்திக் கணக்கிட்ட பின்னரே இடைவெளியை அளந்திருந்தால் வேறுபாடு தெரிந்திருக்கும்.

திருத்திய மதிப்பைக் கணக்கிடும் முறை

இதனை ஒரு கற்பனை வங்கியைக் கொண்டு படிப்படியாகக் காணலாம். அந்த வங்கிப் பங்கு ஒன்றின் புத்தக மதிப்பு 200 ரூபாய். சந்தை விலை 130 ரூபாய். மேலோட்டமாகப் பார்த்தால் 35 சதவீத இடைவெளி உள்ளது.

முதல் படி, சந்தேகத்துக்குரிய சொத்துகளைக் கழிப்பது. வங்கியின் ஆண்டறிக்கையில் நிதிநிலை அறிக்கைக்கான குறிப்புகள் இடம்பெறும் 18-ஆவது அட்டவணையில், நிகர வாராக்கடன், மறுசீரமைக்கப்பட்ட கடன் ஆகிய இரண்டும் தரப்பட்டிருக்கும். நிகர வாராக்கடன் என்பது ஏற்கெனவே ஒதுக்கீடு செய்தது போக எஞ்சியிருப்பது. அவற்றைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு பங்குக்கு முறையே 40 ரூபாய், 60 ரூபாய் வருகிறது என்று கொள்வோம். வாராக்கடனில் பாதியும், மறுசீரமைக்கப்பட்ட கடனில் மூன்றில் ஒரு பங்கும் திரும்பாது என்று கடுமையாகவே மதிப்பிட்டால், இழப்பு 20 ரூபாயும் 20 ரூபாயுமாக மொத்தம் 40 ரூபாய். திருத்திய புத்தக மதிப்பு 160 ரூபாய்.

இரண்டாவது படி, அந்த மூலதனம் எவ்வளவு ஈட்டுகிறது என்பதைப் பார்ப்பது. இதற்கு ஒரு நல்ல ஆண்டின் லாபத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. திருவாங்கூர் ஸ்டேட் வங்கியின் 2015-16 லாபத்தை மட்டும் நம்பியவர், அடுத்த காலாண்டில் வரவிருந்ததை அறிந்திருக்க வழியில்லை. கெட்ட ஆண்டும் சேர்ந்த ஐந்தாண்டுச் சராசரியே பொருத்தமானது. இந்தக் கற்பனை வங்கியில் அது பங்குக்கு 16 ரூபாய் என்று கொள்வோம்.

மூன்றாவது படி, முதலீட்டாளர் எதிர்பார்க்கும் வருவாய் விகிதத்தை முடிவு செய்வது. கேரளத்தில் ஓய்வுபெறும் அரசு ஊழியர் ஒருவர் தம் பணத்தை வங்கியிலோ மாநிலக் கருவூலத்திலோ வைப்பு நிதியாகப் போட்டு நிம்மதியாக இருக்க முடியும். அதில் 7 சதவீதம் கிடைக்கிறது என்றால், பங்கின் நிச்சயமின்மைக்கு ஈடாக மேலும் 5 சதவீதமாவது வேண்டும். ஆக 12 சதவீதம். 16 ரூபாய் லாபம் 12 சதவீத வருவாயாக அமைய வேண்டுமானால் பங்கின் விலை ஏறத்தாழ 133 ரூபாயாக இருக்க வேண்டும். வருங்கால வளர்ச்சியை இந்தக் கணக்கு சேர்க்கவில்லை. அது வந்தால் கூடுதல் ஆதாயம், வராவிட்டால் ஏமாற்றம் இல்லை.

நான்காவது படி, திருத்திய புத்தக மதிப்பான 160 ரூபாய், வருவாய் அடிப்படையிலான 133 ரூபாய் ஆகிய இரண்டில் குறைந்ததை மதிப்பாக ஏற்பது. 35 சதவீதம் மலிவாகத் தெரிந்த பங்கின் விலைக்கும் மதிப்புக்கும் இடையே உள்ள வேறுபாடு இப்போது வெறும் 3 ரூபாய். அங்கே பாதுகாப்பு இடைவெளி இல்லை.

ஐந்தாவது படி, வாங்கும் விலையை நிர்ணயிப்பது. மூன்றில் ஒரு பங்கு இடைவெளி வேண்டும் என்றால், 133 ரூபாயில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 89 ரூபாய்தான் வாங்கும் விலை. அந்த விலை வரும்வரை பணம் வைப்பு நிதியிலேயே இருக்கலாம்.

இடைவெளி எதற்குப் பயன்படுகிறது?

மேற்கண்ட கணக்கில் ஒரு பெரிய பிழை நேர்ந்துவிட்டதாகக் கொள்வோம். வங்கியின் சராசரி லாபம் 16 ரூபாய் அன்று, 11 ரூபாய்தான் என்று பின்னர் தெரியவருகிறது. அப்போது பங்கின் மதிப்பு 92 ரூபாய். 89 ரூபாய்க்கு வாங்கியவர் கணிப்பில் தவறியும் முதலை இழக்கவில்லை. 130 ரூபாய்க்கு வாங்கியவரோ 38 ரூபாய் அதிகம் கொடுத்திருக்கிறார். பாதுகாப்பு இடைவெளி, லாபத்தைப் பெருக்கும் உத்தி என்பதைவிட, முதலீட்டாளர் தம் பிழைக்கு முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும் தொகை என்பதே பொருத்தம்.

இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஓர் எண் இல்லை. கடனே இல்லாத, ஆண்டுதோறும் சீராக ஈட்டும் நுகர்பொருள் நிறுவனத்துக்குக் குறைந்த இடைவெளி போதும். மெல்லிய மூலதனத்தில் இயங்கும் வங்கிக்கும், விலை ஏற்ற இறக்கத்துக்கு ஆட்படும் உலோக நிறுவனத்துக்கும் அதிக இடைவெளி வேண்டும். கணக்கில் எத்தனை ஊகங்கள் உள்ளனவோ, அந்த அளவுக்கு இடைவெளியும் அகல வேண்டும்.

காத்திருப்பின் விலை

மதிப்புக்குக் கீழே வாங்கிவிட்டால் காத்திருந்தாலே போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. எளிய கணக்கு ஒன்று அதன் வரம்பைக் காட்டும். 100 ரூபாய் மதிப்புள்ள பங்கை 67 ரூபாய்க்கு வாங்கி, விலை 100 ரூபாயை எட்ட இரண்டு ஆண்டுகள் ஆனால், ஆண்டு வருவாய் 22 சதவீதம். ஐந்து ஆண்டுகள் ஆனால் அது 8 சதவீதத்தைச் சற்றே தாண்டும். பத்து ஆண்டுகள் ஆனால் 4 சதவீதம் மட்டுமே. வைப்பு நிதியைவிடக் குறைவு.

எனவே, காத்திருக்கும் காலத்தில் நிறுவனத்தின் மதிப்பும் வளர வேண்டும், அல்லது ஈவுத்தொகை வந்துகொண்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லாத மலிவுப் பங்கில் பொறுமை காப்பது நஷ்டத்தை நீட்டிப்பதே ஆகும். மதிப்பு வளரும் நிறுவனத்தில் காலம் முதலீட்டாளரின் பக்கம் நிற்கிறது. மதிப்பு தேயும் நிறுவனத்தில் அது எதிர்ப்பக்கம் நிற்கிறது.

எச்சரிக்கை அடையாளங்கள்

மதிப்பு தேய்கிறது என்பதைப் பெரும்பாலும் ஏடுகளே முன்கூட்டிச் சொல்லிவிடுகின்றன. வங்கிகளைப் பொறுத்தவரை மூன்று இடங்களைச் சிறு முதலீட்டாளர் பார்க்கலாம்.

ஒன்று, வாராக்கடன் குறித்து வங்கி சொல்வதற்கும் ரிசர்வ் வங்கி கண்டறிவதற்கும் உள்ள வேறுபாடு. இது குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அதை நிதிநிலை அறிக்கையில் வெளியிட வேண்டும் என 2017 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதன்பின் வெளியான தகவலின்படி, 2015-16 நிதியாண்டுக்கு யெஸ் வங்கி காட்டிய மொத்த வாராக்கடன் 749 கோடி ரூபாய். ரிசர்வ் வங்கி மதிப்பிட்டதோ 4,926 கோடி ரூபாய். அந்த வங்கியை மீட்க 2020 மார்ச்சில் மறுகட்டமைப்புத் திட்டம் தேவைப்படுவதற்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இந்த எண்கள் பொதுவெளியில் இருந்தன.

இரண்டு, மூலதன விகிதம். அது ரிசர்வ் வங்கி வகுத்த குறைந்தபட்ச அளவை நெருங்கினால், வங்கி புதிய பங்குகளை வெளியிட்டுப் பணம் திரட்ட வேண்டியிருக்கும். தாழ்ந்த விலையில் வெளியிடப்படும் புதிய பங்குகள், பழைய பங்குதாரரின் பங்கு ஒன்றுக்கான மதிப்பைக் குறைத்துவிடும். கணக்கிட்டு வைத்த இடைவெளி இவ்வாறும் கரையும்.

மூன்று, பங்கு ஒன்றுக்கான புத்தக மதிப்பு ஐந்தாண்டுகளில் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்பது. லாபம் காட்டிக்கொண்டே புத்தக மதிப்பு ஏறாமல் நின்றால், பணம் வேறெங்கோ கசிகிறது என்று பொருள்.

சிறு முதலீட்டாளருக்கான நடைமுறை

ஒரே பங்கில் எவ்வளவு பெரிய இடைவெளி இருந்தாலும், அந்த ஒன்று தவறிப்போக வாய்ப்புண்டு. பாதுகாப்பு இடைவெளியும் முதலீட்டைப் பரவலாக்குவதும் இணைபிரியாதவை என்பது கிரகாமின் நிலைப்பாடு. இடைவெளி ஒவ்வொரு பங்கிலும் வெற்றியை உறுதி செய்வதில்லை. பல பங்குகளில் கடைப்பிடிக்கும்போது மொத்தத்தில் வெற்றி வாய்ப்பைக் கூட்டுகிறது. பத்துப் பங்குகளில் சம அளவில் முதலிட்டவருக்கு லட்சுமி விலாஸ் வங்கி போன்ற ஒன்று முழுதாக அழிந்தாலும் இழப்பு பத்தில் ஒரு பங்கு. மற்ற ஒன்பதும் சராசரியாக 12 சதவீதம் உயர்ந்தாலே அந்த இழப்பு ஏறத்தாழ ஈடாகிவிடும்.

வாங்குவதற்கு முன் மதிப்பு, வாங்கும் விலை, அந்தக் கணக்குக்கு அடிப்படையான இரண்டு அல்லது மூன்று ஊகங்கள் ஆகியவற்றை ஒரு தாளில் தேதியிட்டு எழுதிவைப்பது நல்ல பழக்கம். 'மறுசீரமைக்கப்பட்ட கடன் பங்குக்கு 60 ரூபாயைத் தாண்டாது', 'சராசரி லாபம் 16 ரூபாய்க்குக் குறையாது' என்பன போன்ற குறிப்புகள் அதில் இருக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை ஆண்டறிக்கை வந்ததும் அந்த ஊகங்களைச் சரிபார்க்க வேண்டும். விலை இறங்கியும் ஊகங்கள் நிலைத்தால் இடைவெளி அகன்றிருக்கிறது, மேலும் வாங்கலாம். ஊகம் பொய்த்துவிட்டால், விலை எங்கே இருந்தாலும் மதிப்பைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். புதிய மதிப்பு சந்தை விலைக்குக் கீழே இருந்தால் விற்று வெளியேறுவதே முறை. வாங்கிய விலை வரட்டும் என்று காத்திருப்பதில் பொருள் இல்லை. அந்த விலையைச் சந்தை அறியாது.

கணக்கே போட முடியாத நிறுவனங்களும் உண்டு. தொடர்ந்து நஷ்டத்தில் இயங்கும் நிறுவனத்துக்கோ, ஏடுகளில் தெளிவில்லாத நிறுவனத்துக்கோ மதிப்பு என்னவென்று சொல்ல இயலாவிட்டால், அதன் விலை மலிவா என்பதும் தெரியாது. அவற்றை விட்டுவிடுவதால் சிறு முதலீட்டாளருக்கு நட்டம் எதுவும் இல்லை. பரஸ்பர நிதி மேலாளரைப் போல, வந்த பணத்தை முதலிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் காலாண்டுக்கு ஒருமுறை பதில் சொல்லும் பொறுப்பும் அவருக்கு இல்லை. 89 ரூபாய் விலை இரண்டு ஆண்டுகள் வராவிட்டாலும் அவரது பணம் வைப்பு நிதியில் வட்டி ஈட்டிக்கொண்டிருக்கும்.

பூஜப்புராவில் தலைமை அலுவலகம் கொண்டிருந்த வங்கியின் பங்கை வைத்திருந்தவர்களில், இணைப்புச் செய்தி கேட்டு விலை துள்ளியபோது வாங்கியவர்களும் இருந்தனர். பல ஆண்டுகளுக்கு முன்பே குறைந்த விலைக்கு வாங்கியவர்களும் இருந்தனர். 10 பங்குகளுக்கு 22 என்ற விகிதம் இரு தரப்பினருக்கும் ஒன்றுதான். அதைத் தொடர்ந்து வந்த நான்கு கடினமான ஆண்டுகளைப் பதற்றமின்றிக் கடக்க முடிந்ததா என்பதைத் தீர்மானித்தது, அவர்கள் தொடக்கத்தில் கொடுத்த விலையே.